முதல் சம்பளமா? மிச்சம் பிடிக்காதீங்க, முதல்லயே எடுத்து வைங்க

ஸ்லைடு 1
கைக்கு 22,000 வருது. 20-ஆம் தேதி கணக்குல 300 ரூபாய்தான் இருக்கு.
எங்க போச்சுன்னே தெரியலையா? இது உங்களுக்காக.

ஸ்லைடு 2
"செலவு போக மிச்சத்தைச் சேமிக்கலாம்"னு நினைச்சா மிச்சமே இருக்காது. வரிசையை மாத்துங்க: சம்பளம் வந்த அன்னைக்கே சேமிப்பு, அப்புறம்தான் செலவு.

ஸ்லைடு 3
சென்னையில ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒருத்தரோட மாசக் கணக்கு:
சேமிப்பு 2,000
வீட்டுக்கு 5,000
வாடகைப் பங்கு 5,500
சாப்பாடு 5,000
பஸ், ரயில் 1,500
மீதி 3,000. வாரத்துக்கு 750 கைச்செலவு.

வீட்டுக்கு அனுப்புற பணம் நிறைய பேருக்குத் தட்ட முடியாத கடமை. அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனா தொகையை வீட்டுல பேசி முடிவு பண்ணிடுங்க. மாசாமாசம் மாறினா எந்தத் திட்டமும் நிக்காது.

ஸ்லைடு 4
அந்த 2,000 எங்க போகணும்?
வேற ஒரு வங்கிக் கணக்குக்கு. அதுல ஜிபே, போன்பே எதையும் இணைக்காதீங்க. டீக்கடையில ஸ்கேன் பண்ற கணக்குல சேமிப்பு தங்காது.
சம்பளத்துக்கு மறுநாள் தானா மாறுற மாதிரி வங்கி ஆப்ல ஒரு தடவை செட் பண்ணிட்டாப் போதும்.

ஸ்லைடு 5
9 மாசத்துல 18,000 ஆகிடும். மேல இருக்கிற கணக்குப்படி சேமிப்பும் கைச்செலவும் போக ஒரு மாச அவசியச் செலவு 17,000. வேலை போனாலோ, ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ ஒரு மாசம் யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம். போனஸ் வந்தா பாதியை இங்க போடுங்க. மூணு மாசச் செலவு சேர்ற வரைக்கும் இதுதான் முதல் வேலை.

ஸ்லைடு 6
அடுத்தது அஞ்சலக ஆர்.டி., அதாவது மாசாமாசம் ஒரே தொகையைக் கட்டுற சேமிப்பு.
மாசம் 100 ரூபாய்லயே தொடங்கலாம். 5 வருஷம். மாசம் 1,000 கட்டினா நீங்க போடுறது 60,000. ஆண்டுக்கு 6.7 சதவீத வட்டின்னா கைக்கு வர்றது 71,000-க்கு மேல.
3 வருஷத்துக்கு முன்னாடி மூட முடியாது. அவசரப் பணத்தை இதுல போடக் கூடாதுன்னு சொல்றது அதனாலதான்.

ஸ்லைடு 7
தெரிஞ்சவர் நடத்துற சீட்டா? பதிவு பண்ணின சீட்டான்னு கேளுங்க. "நம்ம ஆளுதான்"ங்கிறது பதில் இல்லை.

ஸ்லைடு 8
சம்பளச் சீட்டுல பி.எஃப். பிடித்தம் இருக்கா? அடிப்படைச் சம்பளத்துல பொதுவா 12 சதவீதம், கம்பெனியும் அதே அளவு போடுது. வேலை மாறும்போது எடுத்துச் செலவழிச்சிடாதீங்க. உங்க பி.எஃப். அடையாள எண்ணான யூ.ஏ.என். எங்க வேலை பார்த்தாலும் ஒண்ணுதான், பழைய கணக்கைப் புதுசுக்கு மாத்திக்கலாம்.

ஸ்லைடு 9
2,000 முடியலையா? 500-ல ஆரம்பிங்க. சம்பளம் ஏறினா, ஏறினதுல பாதியைச் சேமிப்புல கூட்டுங்க.
அடுத்த சம்பளத் தேதி என்னைக்கு? அதுக்குள்ள அந்த ரெண்டாவது கணக்கைத் திறந்துடுங்க.