பொருள்: மூன்றாம் இயல் வரைவு – தங்கள் கருத்தும் கூடுதல் அவகாசமும் வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காரைக்குடி வீணை மரபு பற்றிய மூன்றாம் இயலின் வரைவை இணைத்துள்ளேன். மொத்தம் 38 பக்கங்கள். இறுதிப் பகுதி இன்னும் முடியவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை முழு இயலையும் தர வேண்டியவள், மேலும் மூன்று வாரம் அவகாசம் கேட்கிறேன். சென்ற வாரம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பழைய கல்யாணக் கணக்கு நோட்டுகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நாகசுரம், வீணைக் கச்சேரிகளுக்கான செலவு தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. நகரத்தார் ஆதரவைப் பற்றி நான் பொதுப்படையாக எழுதியதற்கு இவையே சான்று. நோட்டுகளை வெளியே எடுத்துவர முடியாது. அங்கேயே அமர்ந்து படியெடுக்கிறேன். தாள்கள் பொடிந்து உதிர்வதால் வேலை மெதுவாகவே நகர்கிறது.

14 முதல் 22 வரையுள்ள பக்கங்களைத் தாங்கள் முதலில் பார்த்தால் பேருதவியாக இருக்கும். சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்ததையும், சாம்பசிவ ஐயர் மடியில் கிடத்தி வாசித்ததையும் ஒப்பிட்டிருக்கிறேன். பிடிக்கும் முறை கமகத்தை மாற்றுகிறது என்ற என் வாதம் நிற்குமா? தானப் பகுதிக்குச் சுர எழுத்து மட்டும் போதாதென்றும் தோன்றுகிறது. தயங்காமல் திருத்துங்கள் ஐயா.

அடுத்த செவ்வாய் மாலை தொலைபேசியில் பேச இயலுமா?

தங்கள் மாணவி,
வள்ளியம்மை
காரைக்குடி