பாட்டிக்குத் திருநாள் வாழ்த்து

உள்ளே போகும் முன் எல்லாரும் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாட்டியின் முகத்துக்கு நேரே, அவர் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து படிக்க வேண்டும். நின்றுகொண்டு படித்தால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் அவருக்கு. டிவியை அணைத்துவிடலாம். ஒருவர் படிக்கும்போது மற்றவர் பேச வேண்டாம். ஒரு வரி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்த வரி அவரிடம் போய்ச் சேரட்டும்.

"என்னைத் தெரிகிறதா பாட்டி?" என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். போன தடவை நான்தான் கேட்டேன். பாட்டி புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா சிரித்தார். வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தச் சிரிப்புதான் கண்ணில் நின்றது. அதனால்தான் இந்தத் தடவை எழுதிக்கொண்டு வந்தேன். நாம் யார் என்பதை நாமே சொல்லிவிடுவோம்.

முதலில் நான்

பாட்டி, நான் அம்மு.
உங்கள் மூத்த மகள் வயிற்றுப் பேத்தி.
இன்று திருநாள், பாட்டி.
உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்.
நாங்கள் நான்கு பேரும் வந்திருக்கிறோம்.

உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.
இந்தக் கைதான் எனக்கு எழுதப் பழக்கியது.
என் கைமேல் உங்கள் கையை வைத்து, "மெதுவா, மெதுவா" என்பீர்கள்.
இந்த வாழ்த்தையும் மெதுவாகத்தான் எழுதினேன்.
திருநாள் வாழ்த்துகள், பாட்டி.

(பாட்டி என்னை அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் "என்னம்மா" என்றுதான் சொல்லப்போகிறேன். யாரும் சிரிக்கவோ திருத்தவோ வேண்டாம். அம்மா ஜாடை எனக்கு இருக்கிறது என்று எல்லாரும் சொல்வதுதானே.)

அடுத்து தம்பி

பாட்டி, நான் துரை.
அம்முவின் தம்பி.
மீசை வந்துவிட்டது, குரலும் மாறிவிட்டது.
ஆனால் அதே துரைதான்.

வாசல் கதவை நான் டமால் என்று சாத்துவேன்.
"கதவுக்கு வலிக்கும்டா" என்பீர்கள்.
இன்று மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.
கதவுக்கு வலிக்கவில்லை, பாட்டி.

நீங்கள் நன்றாகத் தூங்க வேண்டும்.
நன்றாகச் சாப்பிட வேண்டும்.
வெயில் வரும் ஜன்னல் பக்கம் சுகமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.
திருநாள் வாழ்த்துகள், பாட்டி.

(துரை, உன் குரல் கனம். அதற்காகக் கத்தாதே. பாட்டிக்குக் காது நன்றாகவே கேட்கிறது, நாம்தான் மறந்துபோய்ச் சத்தமாகப் பேசுகிறோம்.)

அப்புறம் குண்டூசி

பாட்டி, நான் உங்கள் சின்ன மகள் வயிற்றுப் பேத்தி.
எனக்கு நீங்கள் வைத்த பெயர் குண்டூசி.
நீங்கள் துணி தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.
ஒவ்வொரு குண்டூசியாக எடுத்துக் கொடுப்பேன்.
வாயில் ஒரு ஊசியைக் கவ்விக்கொண்டே ஏதோ ராகம் முணுமுணுப்பீர்கள்.
அந்த ராகம் எனக்குப் பாடம்.

(இங்கே தாளைக் கீழே வைத்துவிட்டு, ராகத்தை மட்டும் மெதுவாக முணுமுணு. வார்த்தை வேண்டாம். போன மாதம் சித்தி இதைச் செய்தபோது பாட்டி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தாராம். பேரெல்லாம் தடுமாறுகிறவருக்கு ராகம் தடுமாறவில்லை. இன்று தொடர்ந்தால், முடியும்வரை எல்லாரும் சும்மா இருங்கள். தொடராவிட்டாலும் ஒன்றுமில்லை, நீயே முடித்துவிட்டு அடுத்ததைப் படி.)

உங்கள் பொத்தான் டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது.
பத்திரமாக வைத்திருக்கிறேன்.
சிவப்புப் பொத்தான் ஒன்று கொண்டுவந்தேன், உங்கள் உள்ளங்கையில் வைக்கிறேன்.
வழவழவென்று இருக்கிறது, பாருங்கள்.
திருநாள் வாழ்த்துகள், பாட்டி.

(பாட்டி வாயருகே கொண்டுபோனால் பதறாமல் நீயே வாங்கிக்கொள். "எனக்குத் தாங்க பாட்டி" என்றால் கொடுத்துவிடுவார்.)

கடைசியில் சிட்டு

பாட்டி, நான் சிட்டு.
உன் மகன் வயிற்றுப் பேரன்.
எனக்கு ஐந்து வயசு.
எனக்கு ஒரு பல் ஆடுது.
உனக்கு வாழ்த்து!

(சிட்டுவுக்குத் தாள் கிடையாது, தோன்றியதைச் சொல்லட்டும். அவன் பாட்டியை "நீ" என்றுதான் சொல்வான், யாரும் தடுக்க வேண்டாம். பல்லை ஆட்டிக் காட்டினால் பாட்டிக்குப் பிடிக்கும்.)

எல்லாரும் சேர்ந்து

பாட்டி, நாங்கள் உங்கள் பேரப்பிள்ளைகள்.
இன்று திருநாள்.
உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.
எங்களுக்கு அது போதும்.
எங்கள் தலையில் கை வைத்து வாழ்த்துங்கள்.

(ஒவ்வொருவராகத் தலையைக் குனியுங்கள். கை தானாக வரும். வராவிட்டால் அவர் கையை நாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம்.)

நடுவில் கேட்டால் சொல்ல

"இன்று என்ன நாள்?" என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்பார். "இப்போதுதானே சொன்னோம்" என்று வாயில் வந்துவிடும், விழுங்கிவிடுங்கள். பத்தாவது தடவையும் முதல் தடவை போலவே:

இன்று திருநாள், பாட்டி. அதுதான் எல்லாரும் வந்திருக்கிறோம்.

"வீட்டுக்குப் போகணும்" என்றால்:

சரி பாட்டி, போகலாம். அதுவரைக்கும் நாங்கள் கூட இருக்கிறோம்.

தாத்தாவைக் கேட்டால்தான் கஷ்டம். "தாத்தா இறந்துவிட்டார்" என்று சொன்னால் பாட்டிக்கு அது இன்று வந்த செய்தி. போன வருஷம் யாரோ சொல்லிவிட்டு, அன்று முழுக்க அழுதிருக்கிறார். ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, அப்புறம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். யோசித்துப் பார்த்து இதை எழுதினேன், நான்தான் சொல்வேன்:

தாத்தா நினைப்பு வந்துவிட்டதா பாட்டி?
அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும்.
மூடியைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார்.
நீங்கள்தான் கண்டுபிடித்துக் கொடுப்பீர்கள்.

இதற்கு மேல் அவர் பேசினால் கேட்டுக்கொள்வோம். அழுதால் கையை விட வேண்டாம்.

கிளம்பும்போது

பாட்டி கண்ணை மூடினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, படித்தது பாதியில் நின்றாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுவோம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடக் கூடாது. ஒவ்வொருவராக வந்து கையைத் தொட்டுவிட்டுப் போங்கள். நான் கடைசியில் இதைப் படிக்கிறேன்:

பாட்டி, நாங்கள் போய்விட்டு வருகிறோம்.
ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவாள்.
கதவைத் துரை மெதுவாகச் சாத்துவான்.
திருநாள் வாழ்த்துகள், பாட்டி.

இந்தத் தாளைப் பாட்டி கேட்டால் கொடுத்துவிடுங்கள், மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். என்னிடம் இன்னொன்று இருக்கிறது.