ராணிக்கு, அந்த நீல ஃபைலுக்குள்ளே வைக்கிற கடிதம்

அன்புள்ள ராணி,

நீ ஜெயிச்சுட்டடி. குரூப் 4 தரவரிசையில உன் பதிவெண்ணைப் பார்த்ததும் முதல்ல நம்பலை. பக்கத்தை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தேன். அங்கேயேதான் இருந்துச்சு. யாழினியைத் தூங்க வச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து படிச்ச படிப்புக்கு இது வந்தே தீரணும். வந்துருச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் எண்ணையும் பார்த்திருப்பே. அந்த இடத்துக்கு இந்தத் தடவை அழைப்பு வராது. அப்பாவுக்கு வலது கை இன்னும் தூக்க வரலை, பேச்சும் தெளியலை. இதெல்லாம் உனக்குத் தெரியும்கிறதால ரெண்டு நாளா என்கிட்ட என்ன பேசுறதுன்னு தவிச்சிருப்பே. முந்தாநாள் போனை எடுத்து 'ரிசல்ட் பார்த்தியா'ன்னு கேட்டுட்டு அப்படியே நிறுத்திட்டே. அப்படி நிறுத்தாதே. எனக்கு வருத்தம் இருக்கு, நிறைய இருக்கு. நீ ஜெயிச்சதுல சந்தோஷமும் இருக்கு. அந்த வருத்தத்துக்காக நீ இந்தச் சந்தோஷத்தைக் குறைச்சுப் பேச வேண்டாம்.

அதனால சில விஷயத்தைத் தெளிவாவே சொல்லிடுறேன். 'அடுத்த தடவை உனக்குத்தான்'னு சொல்லாதே, அதை யாராலயும் சொல்ல முடியாது. லட்டு டப்பாவை வீட்டுக்கே கொண்டு வா, அம்மா உன்னை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கா. கோயிலுக்கும் விருந்துக்கும் என்னால இப்ப வர முடியாது. அப்பாவுக்குக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பயிற்சி கொடுக்கணும். அதுவும் போக, கூட்டத்துல நாலு பேர் 'உனக்கு என்னாச்சு'ன்னு கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்ல எனக்கு இப்ப தெம்பு இல்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல போன் பண்ணு, எடுப்பேன். எடுக்கலைன்னா அன்னிக்கு முடியலைன்னு அர்த்தம். கோபம்னு நினைச்சுறாதே.

இனி இந்த ஃபைல். எனக்கும் சேர்த்துத்தான் இந்தப் பட்டியலைத் தயார் பண்ணி வச்சிருந்தேன். இப்ப உனக்கு மட்டும்தான் வேணும், வச்சுக்கோ.

முதல்ல சான்றிதழ் பதிவேற்றம். எல்லாத்தையும் அசலை வச்சே ஸ்கேன் பண்ணு, ஜெராக்ஸை ஸ்கேன் பண்ணாதே. முத்திரையும் கையெழுத்தும் மங்கிப் போனா 'தெளிவில்லை'ன்னு திருப்பிருவாங்க. பின்பக்கம் எழுத்து இருக்கிற சான்றிதழுக்கு ரெண்டு பக்கமும் ஏத்தணும். பழைய சாதிச் சான்று அட்டையில நிறைய பேர் இதுலதான் கோட்டை விடுறாங்க, முன்பக்கம் மட்டும் போட்டுட்டு வந்துருவாங்க. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதே, அன்னிக்கு சர்வர் படுத்தும்.

உனக்குத் தனியா மூணு விஷயம் இருக்கு.

சாதிச் சான்று உன் அப்பா பேர்லதான் இருக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் இ-சேவையில மாரியப்பன் அண்ணன் பேரைப் போட்டு ஒண்ணு வாங்கினியே, அது செல்லாது. உள்ளே வச்சிருக்கிறது நீ காலேஜ் சேரும்போது வாங்கினதோட நகல், அதோட அசலை பீரோவுல தேடு. கிடைக்கலைன்னா நாளைக்கே அப்பா பேர்ல விண்ணப்பம் போட்டுரு. விசாரணை முடிஞ்சு கையெழுத்தாகி வர்றதுக்குள்ள கெடு தாண்டிருச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்தது தமிழ்வழிச் சான்று. குரூப் 4-க்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புங்கிறதால ஒண்ணாம் வகுப்புலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு வருஷம்கூட விடாம இருக்கணும். நீ அஞ்சு வரைக்கும் ஊர்ல ஒன்றியப் பள்ளி, ஆறுலேர்ந்து பெண்கள் பள்ளி. அதனால ரெண்டு சான்று, ரெண்டு தலைமை ஆசிரியர், ரெண்டு முத்திரை. தேர்வாணையம் கொடுத்த படிவத்துலேயே இருக்கணும், பள்ளியோட லெட்டர்பேடுல எழுதிக் கொடுத்தா ஏத்துக்க மாட்டாங்க. எந்த வகுப்புலேர்ந்து எந்த வகுப்பு வரை, எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைங்கிறதை மாற்றுச் சான்றிதழோட ஒப்பிட்டுப் பாரு. அங்கேயே நின்னு பாரு, வீட்டுக்கு வந்து பார்த்தா மறுபடியும் பஸ் ஏறணும். 20 சதவீத ஒதுக்கீடு முழுக்க இந்தத் தாள்லதான் நிக்குது.

மூணாவது பேரு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்ல உனக்கு அப்பா இனிஷியல், ஆதார்ல அண்ணன் பேர். கல்யாணப் பதிவுச் சான்றை அசலோட கையில வச்சிரு. கேட்டா உடனே எடுத்துக் காட்டலாம்.

நன்னடத்தைச் சான்று ரெண்டு வேணும். ஒண்ணு கடைசியா படிச்ச காலேஜ்ல, இன்னொண்ணு அ அல்லது ஆ பிரிவு அலுவலர்கிட்ட. ரெண்டாவதுல தேதியைப் பாரு, அறிவிக்கை வந்த தேதிக்குப் பிறகு வாங்கினதா இருக்கணும். நாம போன வருஷம் வாங்கி வச்சது உதவாது.

கலந்தாய்வுக்குக் கூப்பிட்டா தபால்ல எதுவும் வராது. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், இணையதளம், இவ்வளவுதான். உன் போன்ல இடமே இல்லாம மெசேஜ் வராமப் போகுமே, அதை இன்னிக்கே சரி பண்ணு. மின்னஞ்சலைத் தினமும் பாரு.

தேதி தெரிஞ்சதும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல முன்பதிவு பண்ணிரு. 60 நாளைக்கு முன்னாடியே திறந்திருக்கும், அதுக்குள்ள நிறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். தட்கல்னா முந்தின நாள், ஸ்லீப்பருக்குக் காலையில 11 மணிக்குத் திறக்கும். கலந்தாய்வு அன்னிக்குக் காலையில போய் இறங்குற மாதிரி வச்சுக்காதே, ஒரு நாள் முன்னாடியே போய்த் தங்கு. எழும்பூர்ல மின்சார ரயில் ஏறினா பூங்கா, அடுத்தது கோட்டை. கோட்டையில இறங்கினா தேர்வாணைய அலுவலகத்துக்கு நடந்தே போயிரலாம். அசலை எல்லாம் கைப்பையில வை, ரயில்ல பெட்டிக்குள்ள வைக்காதே.

இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்னு இருந்தேன்: எந்த வேலையை எடுக்கிறதுங்கிறது. உள்ளே போனா திரையில காலியிடம் ஓடும். உனக்கு முன்னாடி இருக்கிறவங்க எடுக்க எடுக்கக் குறையும். உன் முறை வந்ததும் சொல்லணும், சொல்லிட்டா மாத்த முடியாது. அந்த நேரத்துல மூளை நின்னுரும். அதனால பத்து விருப்பத்தை வரிசையா ஒரு தாள்ல எழுதிக்கோ. அன்னன்னிக்கு மிச்சம் இருக்கிற காலியிடத்தை இணையதளத்துல போடுவாங்க, முந்தின ராத்திரி அதைப் பார்த்து இல்லாததை அடிச்சிரு.

கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு உன் மாமியார் ஆசைப்படுவாங்க, ஊர்ல மரியாதை. ஆனா அந்தக் கிராமத்துலேயே குடியிருக்கணும். பயிராய்வுக்கு வயல்ல இறங்கணும், அடங்கல் எழுதணும், ஜமாபந்தி சமயத்துல கணக்கை முடிச்சுக் கொடுக்கணும். 2023 டிசம்பர்ல தாமிரபரணி பொங்கினப்ப அவங்கல்லாம் எப்படி ராப்பகலா அலைஞ்சாங்கன்னு நாமளே பார்த்தோம். அருமையான வேலைதான். ஆனா யாழினி எல்.கே.ஜி., அண்ணன் தூத்துக்குடியில ஷிப்ட். இப்ப உனக்கு அது வேண்டாம்னு நினைக்கிறேன்.

இளநிலை உதவியாளர்ல பிணையம் உள்ளது, பிணையமற்றதுன்னு ரெண்டு இருக்கும். பணமும் பொருளும் கையாளுற இடத்துக்குப் பிணையம் கேப்பாங்க. பயப்பட ஒண்ணுமில்லை, தெரிஞ்சு எடு. வருவாய்த் துறை எடுத்தா தாசில்தார் வரைக்கும் படி இருக்கு. தேர்தல், வெள்ளம்னா வீட்டை மறந்துறணும். பள்ளிக் கல்வித் துறையில நேரம் ஓரளவு ஒழுங்கா இருக்கும். என்னைக் கேட்டா முதல்ல மாவட்டம், அப்புறம் துறை. திருநெல்வேலியில எது இருந்தாலும் மேலே எழுது, அடுத்து தூத்துக்குடி, தென்காசி. இது என் கருத்துதான், அண்ணன்கூட உட்கார்ந்து நீயே முடிவு பண்ணு.

சேர்ற அன்னிக்கு முற்பகல்லேயே சேரு. பணியேற்பு அறிக்கையில முற்பகல்னு போட்டிருக்கான்னு பார்த்துட்டு நகல் வாங்கிக்கோ. மருத்துவத் தகுதிச் சான்றை மறந்துறாதே. பணிப்பதிவேடு திறக்கும்போது முதல் பக்கத்துல பிறந்த தேதியை எழுத்துல, எண்ணுல ரெண்டையும் வாசி. தப்பா இருந்து திருத்தம் கேக்கணும்னா சேர்ந்ததுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ளதான். அடிப்படைச் சம்பளம் 19,500, அதோட படிகள். முதல் சம்பளம் ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போகலாம், அரசு சம்பளம் போடுற களஞ்சியம்கிற கணினி அமைப்புல உன் விவரம் ஏறணும். அதுவரைக்கும் பஸ்ஸுக்கும் யாழினி பீஸுக்கும் தனியா எடுத்து வச்சிரு. நகையை அடகு வைக்காதே. பவானிசாகர் பயிற்சிக்குக் கூப்பிட்டா யாழினியை அம்மாகிட்ட விடு, சாயங்காலம் நான் போய்ப் பார்த்துக்கிறேன். இது பேச்சுக்குச் சொல்றது இல்லை. ஆறு மணிக்கு மேல எனக்கு முடியும்.

ஃபைல்ல அசலுக்கு ஒரு உறை, ரெண்டு செட் நகலுக்கு ரெண்டு உறை, போட்டோவுக்குச் சின்னக் கவர். பென்சில்ல நம்பர் போட்டிருக்கேன். ஏழாம் நம்பர் உறை காலியா இருக்கும், அது பணி நியமன உத்தரவுக்கு.

ஒரு உதவி எனக்கு வேணும். உன்கிட்ட இருக்கிற ஆறுலேர்ந்து பத்து வரைக்குமான பாடப்புத்தகத்தை எல்லாம் லட்டு கொண்டு வரும்போது எடுத்துட்டு வா. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல்ல ஓரத்துல பென்சில்ல நீ எழுதி வச்சிருக்கிறதை அழிச்சுறாதே. எனக்கு அது வேணும்.

உன்,
மாலதி