பிள்ளைகளுக்கு ஒருவரைப் பிடித்துப்போகும் வயதில்: ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கான பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை மதியம், கடையைப் பூட்டிவிட்டும் மில்லில் ஷிப்டு மாற்றிக்கொண்டும் வந்திருக்கிறீர்கள். ரொம்ப நன்றி. வாசலில் நிற்கும் அப்பாக்கள் உள்ளே வாருங்கள், முன் வரிசை காலியாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கு மார்க் பற்றிப் பேச்சில்லை. நம் பிள்ளைகளுக்கு இந்த வயதில் ஒருவர் மேல் ஏற்படும் ஈர்ப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். பிள்ளைகள் அதை ‘க்ரஷ்’ என்கிறார்கள். வகுப்பில் ஒரு பெட்டி வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம் என்று சொல்லியிருந்தோம். வந்த சீட்டுகளில் சில: “அவ என்னைப் பார்த்து சிரிச்சா, அப்போ என்னைப் பிடிக்கும்தானே?” “அவன் ப்ரபோஸ் பண்ணிட்டான், வேணாம்னு சொன்னா கையை அறுத்துக்குவேன்னு சொல்றான், என்ன பண்றது?” “வீட்டுல தெரிஞ்சா ஸ்கூலை விட்டு நிறுத்திடுவாங்களா?” இந்தக் கடைசிக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

ஒருவரைப் பிடித்துப்போவது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் ஒரு பாடம். ஹார்மோன் என்ன செய்யும் என்று நான் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். அதே ஹார்மோன் உங்கள் வீட்டில் வேலை செய்யும்போது மட்டும் அதிர்ச்சியடைகிறோம். பெரும்பாலான க்ரஷ் ஒரு டெர்மைத் தாண்டுவதில்லை. பக்கத்து பெஞ்சு மாறினால் அதுவும் மாறிவிடும். நாம் அடித்து, கத்தி, ஊரைக் கூட்டினால்தான் அது பெரிய காதலாகிறது.

பெண் பிள்ளையின் நோட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அம்மா பார்த்துவிடுகிறார். அன்று இரவே போன் பறிக்கப்படுகிறது, டியூஷன் நிற்கிறது, மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் தகவல் போகிறது. அவர்கள் முதலில் விசாரிப்பது அந்தப் பையன் எந்தத் தெரு, என்ன சாதி என்பதைத்தான். பதினான்கு வயதுப் பிள்ளை நோட்டில் எழுதிய ஒரு பெயர் இரண்டு தெருச் சண்டையாக மாறுவதற்கு ஒரு வாரம் போதும். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், உறவுக்காரர்களிடம் போவதற்கு முன்னால் பிள்ளையிடம் பேசுங்கள். பிறகு எங்களிடம் வாருங்கள். ‘சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால், பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகாமல் கல்யாணம் செய்துவைப்பது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுங்கள்.

சரி, பிள்ளையிடம் என்ன பேசுவது? நீங்களாக ஆரம்பிக்கும்போது விசாரணை மாதிரி எதிரே உட்கார வைக்காதீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது பேச்சு தானாக வரும். ‘உன் கிளாஸ்ல யாராவது யாரையாவது பிடிச்சிருக்குன்னு சொல்லிக்கிறாங்களா?’ என்று அடுத்தவர் கதையாகக் கேளுங்கள். பிள்ளை தன் கதையைச் சொன்னால், ‘சரி, அப்புறம்?’ என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை அதுவே சொல்லும். சிரிக்காதீர்கள். சொன்னதை அத்தை வீட்டு விசேஷத்தில் ஜோக்காக எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஒருவரிடம்தான் சொல்லும்.

இனி சம்மதம். காதல் பேச்சு வருவதற்குப் பல வருடம் முன்பே வீட்டில் ஆரம்பிக்கும் பாடம் இது. விருந்தாளி வந்ததும் ‘மாமாவுக்கு முத்தம் கொடு’ என்று பிடித்துத் தள்ளுகிறோம். பிள்ளை நெளிந்தால் ‘திமிர்’ என்கிறோம். அண்ணன் தங்கையின் ஜடையை இழுக்கிறான், அவள் ‘விடுடா’ என்று கத்துகிறாள், ‘விளையாட்டுக்குத்தானே’ என்று நாம் டிவியைப் பார்க்கிறோம். பெரியவர்கள் நினைத்தால் தன் உடம்பில் தன் பேச்சு எடுபடாது என்று ஒரு பிள்ளையும், ‘வேணாம்’ என்றாலும் கொஞ்ச நேரம் தொடரலாம் என்று இன்னொரு பிள்ளையும் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். இன்றிலிருந்து வீட்டில் ஒரு பழக்கம் வையுங்கள்: யார் ‘போதும்’ என்று சொன்னாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கிச்சுக்கிச்சு மூட்டுவதானாலும், கலாய்ப்பதானாலும், போட்டோ எடுப்பதானாலும் சரி. அப்பாவுக்கும் இது பொருந்தும்.

பையன்களைப் பெற்றவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நூறு புத்திமதி சொல்லி வளர்க்கிறோம், பையனுக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவன் கற்றுக்கொள்வது சினிமாவில். ஹீரோ பின்னாலேயே சுற்றுவார், அவள் திட்டுவாள், இடைவேளைக்குப் பிறகு டூயட். நம்ம பையன் அதை அப்படியே நம்பி டியூஷன் வாசலில் மூன்று நண்பர்களோடு நிற்கிறான். அந்தப் பெண் பிள்ளை தெருவையே மாற்றிப் போகிறது. வெட்கப்படுகிறது என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

அவனிடம் நேராகச் சொல்லுங்கள். தலையைக் குனிந்துகொண்டு போனால், பதில் போடாவிட்டால், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால், பயத்தில் சிரித்தால், அது எதுவும் சரி என்று ஆகாது. ஒருமுறை மரியாதையாகக் கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. நண்பர்கள் ‘விடாதடா மச்சான்’ என்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், வேண்டாம் என்ற பிறகும் மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புவதும் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். ‘பையன்தானே, வயசுக் கோளாறு’ என்று சொல்லும் அப்பா அந்த அலுவலக வாசலில் உட்காரும்போது யாரும் அவருக்கு ஆறுதல் சொல்ல வருவதில்லை.

அதோடு, அவனுக்கு வலிக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். முதல்முறை ஒருவர் ‘இல்லை’ என்று சொன்னால் பதினைந்து வயதுப் பையனுக்கு உலகமே போய்விட்ட மாதிரி இருக்கும். ‘ஆம்பளப் பையன் அழுவானா’ என்று கேட்காமல், அவனோடு ஒரு டீ குடிக்கப் போங்கள். அழ இடம் கிடைத்தவன் அந்தக் கோபத்தை அந்தப் பெண் மேல் திருப்பமாட்டான். பெட்டியில் வந்த ‘கையை அறுத்துக்குவேன்’ சீட்டு இப்படி ஆறுதல் கிடைக்காத ஒருவனைப் பற்றியதாக இருக்கலாம். அப்படி ஒருவர் சொன்னால் பயந்து சம்மதிக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது, உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறோம். வீட்டிலும் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளும் பையன்களை இப்படி மிரட்டுவதுண்டு. பையன்களையே பையன்கள் தொந்தரவு செய்வதும் உண்டு. பிள்ளை யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

சட்டத்தைப் பற்றி ஒன்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது முடியாத எல்லோரும் குழந்தைகள், ஆணும் சரி, பெண்ணும் சரி. ‘இரண்டு பேரும் விரும்பித்தான்’ என்று சொன்னாலும் அந்த வயதில் உடல் உறவுக்கான சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஊரைவிட்டுப் போனால் அந்தப் பையன் மேல் வழக்கு வரும். விடலைப் பருவத்துக் காதலில் சிக்கியவர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் சொன்னது. ஆனாலும் சட்டத்தில் வயது மாறவில்லை. பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். மிரட்டுவதற்காகச் சொல்லாதீர்கள், ரோட்டு விதி சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதே சட்டத்தைப் பிடிக்காத காதலைப் பிரிக்கும் ஆயுதமாக எடுக்காதீர்கள். பொய்ப் புகாருக்கும் அதில் தண்டனை இருக்கிறது. நிஜமாகவே ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தது என்று தெரிந்தால் மறைப்பதும் குற்றம். ஆசிரியர்கள் எங்களுக்கும் அப்படித்தான். எங்களிடம் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று எங்களால் விட முடியாது, விடவும் மாட்டோம்.

போன். போட்டோ கேட்பது இப்போது அன்பின் சோதனை மாதிரி ஆகிவிட்டது. ‘நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்டால் பிள்ளைகள் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மிரட்டல் வருகிறது, பணம் கேட்கிறார்கள், அல்லது இன்னொரு போட்டோ கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை இப்படி மாட்டிக்கொண்டு வந்து நின்றால் முதல் வாக்கியம் ‘நான் இருக்கேன், பார்த்துக்கலாம்’ என்பதாக இருக்கட்டும். பிறகு திட்டுவதற்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது. பணம் கொடுக்காதீர்கள். மிரட்டல் மெசேஜை அழிக்காதீர்கள். அந்தப் படத்தை ஆதாரம் என்று நினைத்து கணவருக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது, குழந்தையின் அந்தரங்கப் படத்தைப் பகிர்வது யார் செய்தாலும் குற்றம். 1930-க்குப் பேசுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். படம் பரவாமல் தடுக்க takeitdown.ncmec.org என்ற தளம் உதவும். படத்தை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை, அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கி எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இரண்டு எண்களைப் பிள்ளைகளின் நோட்டு அட்டையில் ஏற்கெனவே எழுதச் சொல்லிவிட்டோம்: குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. உங்கள் போனிலும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளுக்கு இதே விஷயத்தைப் பேசப்போகிறோம். பையன்களும் பெண்களும் ஒரே அறையில்தான். தனித்தனியாகப் பேசலாமே என்று சிலர் கேட்டீர்கள். உடம்பு பற்றிய கேள்விகளுக்குத் தனி வகுப்பு இருக்கும். ஆனால் ‘வேணாம்’ என்று சொல்வதையும் அதைக் கேட்டுக்கொள்வதையும் இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்தே பழக வேண்டும் என்பது எங்கள் முடிவு. உங்கள் பிள்ளை வரக்கூடாது என்று நினைத்தால் திங்கள்கிழமைக்குள் என்னிடம் வந்து பேசுங்கள். டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு விடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விகள். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், கதவுப் பக்கம் பிள்ளைகளின் அதே பெட்டி இருக்கிறது, பக்கத்தில் சீட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். பெயர் போட வேண்டாம். டீ முடிந்ததும் திறந்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.