பராமரிப்புக் கட்டண பாக்கி, வட்டி: திருத்திய அறிவிப்பு

நாகர்கோவில்
24.08.2025

அனைத்து வீட்டு உரிமையாளர்களுக்கும் குடியிருப்போருக்கும் வணக்கம்.

போன வாரம் லிஃப்ட் அருகே ஒட்டிய அறிவிப்பை எடுத்துவிட்டோம். பாக்கி உள்ள வீட்டு எண்களை அதில் எழுதியது தவறு, வருந்துகிறோம். வட்டிக் கணக்கும் அதில் தெளிவாக இல்லை. இனி இந்த அறிவிப்பே செல்லும்.

ஆகஸ்ட் 10-ஆம் தேதிக் கணக்குப்படி, 28 வீடுகளில் 9 வீடுகளிலிருந்து மொத்தம் ரூ.1,12,500 வர வேண்டியிருக்கிறது. வாட்ச்மேன் சம்பளம், பொது மீட்டர் கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல் எதையும் தள்ளிப்போட முடியாது. ஜூலையில் லிஃப்ட் பழுதுக்கு ரூ.38,000-ஐக் காப்பு நிதியிலிருந்துதான் எடுத்தோம். மொட்டை மாடி ஒழுகலை அடைக்க வைத்திருந்த பணம் அது. ஆனி, ஆடி மழையிலேயே மேல்மாடி வீடுகளில் சீலிங் நனைந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் அந்த வேலையை முடித்தே ஆக வேண்டும்.

வட்டி விவரம்: 27.04.2025 பொதுக்குழு முடிவுப்படி, ஜூன் மாதக் கட்டணம் முதல் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. மே வரையிலான பழைய பாக்கிக்கு வட்டி கிடையாது. வட்டிக்கு வட்டியும் கிடையாது. மாதக் கட்டணம் ரூ.2,500, கெடு அந்தந்த மாதம் 10-ஆம் தேதி. கெடு தாண்டி ஒரு முழு மாதம் ஆனால் ரூ.25 சேரும், இடைப்பட்ட நாள்களுக்குச் சேராது.

உதாரணமாக, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் கட்டாதவர் செப்டம்பர் 10 அன்று கட்டினால், வட்டி முறையே 75, 50, 25. ஆக ரூ.7,500 அசலும் ரூ.150 வட்டியும் சேர்த்து ரூ.7,650. செப்டம்பர் மாதக் கட்டணம் தனி. கொஞ்சமாகக் கட்டினாலும் முதலில் அசலில்தான் கழிப்போம்.

பாக்கியை செப்டம்பர் 10-க்குள் கட்டிவிடுங்கள். ஓணத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே கட்டினால் நல்லது. சங்கத்தின் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ மூலமோ அனுப்பும்போது வீட்டு எண்ணையும் மாதத்தையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் யார் கட்டியது என்று தெரியாமல் போகிறது.

மருத்துவச் செலவு, வேலையிழப்பு என்று கஷ்டத்தில் இருப்பவர்கள் தயங்காமல் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். மூன்று தவணை வரை தருவோம். தவணை தவறாதவரை மேற்கொண்டு வட்டி ஏறாது. யாருடைய நிலைமையும் வெளியே போகாது.

வாடகைக்கு விட்டிருந்தாலும், வெளிநாட்டில் இருந்தாலும், கட்டணத்துக்கு உரிமையாளரே பொறுப்பு. வாடகைதாரர் கட்டுவதாக ஒப்பந்தம் இருந்தால், அவர் கட்டினாரா என்று உரிமையாளர் ஒருமுறை கேட்டுக்கொள்ளவும்.

அப்புறம், பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்தப் போவதாக ஒரு பேச்சு உலவுகிறது. சங்கம் அப்படி முடிவெடுக்கவில்லை, எடுக்கவும் செய்யாது.

கணக்கில் சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை மாலை 6 முதல் 8 மணி வரை தரைத்தள சங்க அறைக்கு ரசீதுடன் வாருங்கள். பொருளாளர் பேரேட்டைக் காட்டுவார். எங்கள் பக்கம் பிழை இருந்தால் அன்றே திருத்தித் தருகிறோம்.

செயலாளர், பொருளாளர்
குடியிருப்போர் நலச் சங்கம்