நன்றி டீச்சர், அப்புறம் இரண்டு உதவி வேண்டும்

டீச்சர், வணக்கம்.

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். எடவப்பாதி மழையும் போய் ஐப்பசி மழையும் அடித்து ஓய்ந்த பிறகும் நாங்கள் பழுது பார்த்த ஓட்டுக் கூரையிலிருந்து தெற்கு அறையில் ஒரு சொட்டு விழவில்லை, வாளி எடுத்து வைக்கிற பழக்கமே மறந்துபோச்சு என்று சொன்னீர்களே, அது போதும் எனக்கு. ஆசாரிக்கும் அப்படியே அனுப்பிவிட்டேன். அவருக்கும் ரொம்ப சந்தோஷம்.

உண்மையில் நன்றி சொல்ல வேண்டியது நான்தான். ஓடுகளை எல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு ஷீட் போடுங்கள், இல்லையென்றால் இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னபோதும், அப்பா கட்டின வீடு, கூரை அப்படியே இருக்கட்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றதால்தான் இந்த வேலையே நடந்தது. ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பாசி போகத் தேய்த்துக் கழுவி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கணீர் என்று கேட்டால் ஒரு பக்கம், சத்தம் அடைத்துக் கேட்டால் கீறல் விழுந்தது என்று மறுபக்கம் என முற்றத்தில் அடுக்கினோம். நீங்களும் கூடவே நின்று தட்டிப் பார்த்தீர்கள், அன்றைக்கே நீங்களும் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். உடைந்ததற்குப் பதிலாக அதே கம்பெனி முத்திரை உள்ள பழைய ஓடு தேடித்தான் போட வேண்டும், வேறு கம்பெனி ஓட்டை இடையில் சொருகினால் ஒன்றோடொன்று சரியாகக் கவ்வாது, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். அதைத் தேடுவதில் வேலை கொஞ்சம் தள்ளிப்போனது, நீங்கள் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. கூரையைப் பிரித்த பிறகுதான் உள்ளே கூரையைத் தாங்கும் சில கழுக்கோல்களைச் செதல் அரித்திருந்தது தெரிந்தது, செலவு கூடும் என்று சொன்னபோது நேரில் ஏறிப் பார்த்துவிட்டுச் சரி என்றீர்கள். அந்த நம்பிக்கையை நான் மறக்க மாட்டேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

முதலாவது, கூகுள் மேப்பில் எங்கள் கடையின் பேஜில் நீங்கள் ஒரு ரிவியூ எழுதித் தர வேண்டும். லிங்க் இதற்கு அடுத்த மெசேஜில் தனியாக வரும், அதைத் தொட்டால் நேராக எழுதுகிற இடத்துக்கே போகும். தமிழிலேயே எழுதுங்கள். "நல்ல வேலை" என்று இரண்டு வார்த்தை போட்டால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. மழைக்கு வீடு எப்படி இருந்தது, ஓட்டுக் கூரையை மாற்றாமல் எப்படிச் சரிசெய்தோம், இடையில் செலவு ஏன் கூடியது, இப்போது எப்படி இருக்கிறது என்று, நேற்று வாய்ஸில் பேசினது போலவே இருந்தால் போதும். வேலை தள்ளிப்போனதையும் எழுதுங்கள், அது நடந்ததுதானே. மழை நேரத்தில் எடுத்த போட்டோ ஒன்று சேர்த்தால் இன்னும் நல்லது. ரிவியூவுக்காக நான் பணமோ தள்ளுபடியோ யாருக்கும் கொடுப்பதில்லை, கூகுளும் அதை விடாது, அதனால் உங்கள் மனதில் பட்டதை மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது, உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது ஓட்டுக் கூரை ஒழுகினால் என்னைப் பற்றிச் சொல்லுங்கள். கருங்கலில் உங்கள் தம்பி வீடும் ஓட்டு வீடுதான் என்று ஒருநாள் சொன்னீர்கள். குலசேகரம், திருவட்டார் பக்கமும் உங்களோடு வேலை பார்த்த டீச்சர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள், சரி என்று சொன்னால் மட்டும் நம்பரைத் தாருங்கள், இல்லையென்றால் என் நம்பரை அவர்களுக்குக் கொடுங்கள், அவர்களே கூப்பிடட்டும். வந்து பார்த்துச் சொல்வதற்குக் காசு கிடையாது. பார்த்துவிட்டுக் கூரை தேறாது என்றால் தேறாது என்றே சொல்லிவிடுவேன். கான்கிரீட் மேல்தளம் ஒழுகுவதற்கு மட்டும் நான் ஆள் இல்லை, அதற்கு என்னைச் சொல்லிவிட வேண்டாம்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கூரையைத் தைரியமாகப் பிரிக்க முடியும். மே மாதம் கடைசியில் வானம் இருட்டிய பிறகு கூப்பிடுகிறவர்களுக்குத் தார்ப்பாய் போட்டுக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. நம் பக்கத்தில் எத்தனையோ நல்ல அயனி மரக் கூரைகளை, பழுது பார்க்க ஆள் இருப்பது தெரியாமலே இறக்கி விற்றுவிடுகிறார்கள். நான் போய்ச் சொன்னால் வேலைக்காகச் சொல்கிறான் என்பார்கள். நீங்கள் சொன்னால் ஒருமுறை யோசிப்பார்கள் டீச்சர், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அவசரம் ஒன்றும் இல்லை, கிறிஸ்துமஸ் வேலை எல்லாம் முடிந்து நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும். அப்புறம், மே மாதத்துக்கு முன் ஒருநாள் வந்து கூரை சேரும் மூலையில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட்டுப் போகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து உங்கள் கூரை வேலைத் தம்பி