அம்மாவின் வங்கிக் கணக்கு: 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான செலவுத் தொகுப்பு

9 ஜூலை 2024, சென்னை

அன்புள்ள அண்ணனுக்கும் அக்காவுக்கும்,

கும்பகோணத்திலிருந்து அண்ணன் அனுப்பிய நான்கு பக்கப் படங்களையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து முடித்தேன். மொத்தம் 70 வரிகள் தெரிகின்றன. அவற்றில் 67 வரிகள் எனக்கு உறுதி. மூன்று வரிகளைப் படிக்க முடியவில்லை. அவை தவிர, படத்திலேயே விழாமல் போன பகுதிகள் இரண்டு இருக்கின்றன. இந்தக் கணக்கை வைத்துத்தான் யார் எவ்வளவு அனுப்புவது என்று முடிவெடுக்கப் போகிறோம். அதனால் படித்ததையும் படிக்க முடியாததையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதியிருக்கிறேன். தெளிவில்லாத வரிக்கு ஊகமாக ஒரு தலைப்பைக் கொடுத்து மொத்தத்தில் சேர்த்துவிட்டால், அந்த ஊகத்தை அடுத்த மாதம் நாமே உண்மை என்று நம்பத் தொடங்கிவிடுவோம்.

முதலில் வரவு. ஏப்ரல் 1 அன்று தொடக்க இருப்பு ரூ.48,316.40. குடும்ப ஓய்வூதியம் ரூ.19,640 வீதம் மூன்று முறை வந்திருக்கிறது: ஏப்ரல் 2, ஏப்ரல் 30, மே 31. ஏப்ரலில் இரண்டு வரவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மார்ச் மாதத்து ஓய்வூதியம் புது நிதியாண்டு பிறந்த பிறகே கணக்கில் ஏறும். அண்ணன் மூன்று மாதமும் 15ஆம் தேதி 5,000 அனுப்பியிருக்கிறார். அக்கா அனுப்பியவற்றில் ஏப்ரல் 22, ஜூன் 21 ஆகிய இரண்டு மட்டுமே என் கண்ணில் படுகின்றன. மே மாதத்துக்கு உரியது எங்கே என்பதைக் கீழே சொல்கிறேன். படித்த வரவுகளின் கூட்டல் ரூ.83,920.

செலவில் உறுதியாகப் படித்தவை மட்டும்:

மருத்துவம் – 21,874.00
மளிகை, பால், காய்கறி – 14,365.50
வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளம் – 13,500.00
மின்சாரம், எரிவாயு, கைப்பேசி – 5,851.00
கோயில், நன்கொடை – 3,102.00
வங்கிக் கட்டணமும் காப்பீட்டுப் பிடித்தமும் – 37.70
தனிநபர்களுக்கு அனுப்பியது, நோக்கம் தெரியாது – 6,240.00
ஏ.டி.எம். மூலம் எடுத்த ரொக்கம் – 24,000.00
கூடுதல் – 88,970.20

மருத்துவத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் 12,800 ரூபாய் ஏப்ரல் 18 அன்று மருத்துவமனைக்குக் கட்டியது. மாதாமாதம் வருவது அல்ல. பரிசோதனை நிலையத்துக்கு இரண்டு முறையாக 1,940. மீதி 7,134 ரூபாய் ஒன்பது தடவை மருந்து வாங்கியது. மாதச் செலவு என்று கணக்கிடும்போது அந்த 12,800 ரூபாயைத் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் ஏப்ரலிலும் ஜூனிலும் மட்டும் இருக்கிறது.

37.70 சிறிய தொகைதான், ஆனாலும் ஒரு விஷயம். அதில் 17.70 குறுஞ்செய்திக் கட்டணம். மீதி 20 ரூபாய் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவின் ஆண்டுத் தவணை. அம்மா பெயரில் அந்த விபத்துக் காப்பீடு இருப்பது நம் மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விபத்தில் உயிர் போனால் இரண்டு லட்சம் கிடைக்கும் திட்டம், 70 வயது வரை மட்டும். அம்மாவுக்கு இப்போது 67.

ரொக்கத்தைச் செலவுத் தலைப்பாக நான் எண்ணவில்லை. ஆறு முறை, நாலாயிரம் நாலாயிரமாக எடுத்திருக்கிறார்கள். எடுத்த பணம் எதற்குப் போயிற்று என்பதை வங்கித் தாள் சொல்லாது. காய்கறிக்கும் பூவுக்கும் ஆட்டோவுக்கும் போயிருக்கும். கொஞ்சம் அலமாரியில் இன்னும் இருக்கவும் கூடும். இதை மளிகைக் கணக்கில் ஏற்றினால் மளிகை 38,000 ஆகிவிடும். அது பொய்க் கணக்கு. தனிநபர்களுக்கு அனுப்பிய நான்கு தொகைகளும் (2,500, 2,000, 1,200, 540) அப்படித்தான். வரிகள் தெளிவாக இருக்கின்றன, பெயர்களும் தெரிகின்றன, ஆனால் எதற்கு என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். பெயர்களை இங்கே எழுதவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: இவற்றைப் பற்றி அம்மாவிடம் கேட்பதாக இருந்தால் விசாரணை மாதிரி கேட்க வேண்டாம். அப்பாவின் ஓய்வூதியம் அம்மாவின் பணம். அதிலிருந்து யாருக்காவது உதவியிருந்தால் அதற்கு நம்மிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி படிக்க முடியாதவை. இதை மட்டுமாவது இருவரும் முழுதாகப் படியுங்கள்.

முதலாவது, இரண்டாம் பக்கத்தில் மே 9. தாள் மடிந்த இடத்தில் தொகை போய்விட்டது. ஆனால் அதற்கு முந்தைய வரியின் இருப்பு 47,207.90, அந்த வரியின் இருப்பு 44,857.90, இரண்டும் தெளிவு. ஆகவே 2,350 ரூபாய் வெளியே போயிருக்கிறது, தொகையில் ஐயமில்லை. எதற்கு என்பது தெரியவில்லை. விவரப் பகுதியில் எம், ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மருந்துக் கடை என்று எழுதக் கை வருகிறது. அதே எழுத்துகளில் ஒருவருடைய பெயரும் தொடங்கலாம். அதனால் எந்தத் தலைப்பிலும் சேர்க்கவில்லை.

இரண்டாவது, மூன்றாம் பக்கத்தில் வங்கி முத்திரைக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு வரிகள். மே 23, 24 என்று தேதிகள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. முத்திரைக்கு மேலே இருப்பு 38,127.90, முத்திரையைத் தாண்டி 34,707.90. இரண்டு வரிகளும் சேர்ந்து இருப்பை 3,420 ரூபாய் குறைத்திருக்கின்றன. அதற்கு மேல் இந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது. இரண்டுமே செலவாக இருக்கலாம். ஆனால் அக்கா, உங்கள் மே மாதப் பணம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கவும் வழி இருக்கிறது. மற்ற இரு மாதங்களிலும் நீங்கள் 20ஆம் தேதிக்குப் பிறகுதான் அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி 5,000 வரவு அங்கே இருந்தால், மற்ற வரி 3,420 அல்ல, 8,420 ரூபாய்ச் செலவு. ஒரே இடத்தில் ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம். உங்கள் கணக்கில் மே 20 முதல் 25 வரை பார்த்துச் சொன்னால் இது தீர்ந்துவிடும்.

மூன்றாவது, படத்திலேயே இல்லாத ஒரு பகுதி. மூன்றாம் பக்கத்தின் கடைசி இருப்பு 37,915.90. நான்காம் பக்கத்தின் முதல் வரியில் 1,150 ரூபாய் மளிகை. இருப்பு 36,765.90 என்று இருக்க வேண்டும், தாளில் 35,965.90 என்றிருக்கிறது. எண்களை நான் தவறாகப் படித்தேனோ என்று அடுத்த வரிகளோடு கூட்டிக் கழித்துப் பார்த்தேன்; எல்லாம் பொருந்துகின்றன. ஆக மூன்றாம் பக்கத்தின் அடியில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. அதன் நிகர விளைவு 800 ரூபாய்க் குறைவு. ஒரு வரியா, இரண்டு வரியா என்று தெரியாது.

நான்காவது, கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதி முழுவதும் வெட்டுப்பட்டிருக்கிறது. கடைசியாகப் படிக்க முடிவது ஜூன் 27. அன்று இருப்பு ரூ.36,696.20. ஜூன் மாத ஓய்வூதியமும் காலாண்டு வட்டியும் படத்தில் இல்லை, மொத்த வரவு, மொத்தச் செலவு என்று வங்கி அச்சிடும் வரியும் இல்லை. எனவே என் கூட்டலை வங்கியின் கூட்டலோடு ஒப்பிட முடியவில்லை. ஆனாலும் தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, படித்த செலவையும் மேலே சொன்ன 2,350, 3,420, 800 ஆகியவற்றையும் கழித்தால் சரியாக 36,696.20 வருகிறது. ஜூன் 27 வரை தொகைகளைப் பொறுத்தவரை வேறு ஓட்டை இல்லை என்று துணிந்து சொல்வேன்.

ஐயம் வந்து தீர்ந்த வரி ஒன்றும் உண்டு. ஏப்ரல் 17, மருந்துக் கடை: தொகை 1,680 என்றும் படிக்கலாம், 1,880 என்றும் படிக்கலாம். இருப்பு 54,302.90இலிருந்து 52,422.90 ஆகிறது. எனவே 1,880. அதை மருத்துவத்தில் சேர்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்: மாதம் எவ்வளவு தேவை? உறுதியான செலவில் மருத்துவமனைத் தொகையைத் தள்ளினால் 76,170.20, மாதத்துக்கு ஏறக்குறைய 25,390. விடுபட்டவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 27,580. முத்திரைக்கடியில் அக்காவின் பணம் இருந்தால் 29,250 வரை போகும். ஓய்வூதியம் போக நாம் நிரப்ப வேண்டியது 5,750 முதல் 9,610 வரை. இப்போது நீங்கள் இருவரும் அனுப்பும் பத்தாயிரம் இதைத் தாங்கும். வாடகையை நான் நேராக வீட்டுக்காரருக்கு அனுப்புவதால் அது இந்தக் கணக்கில் வராது. பங்கைக் குறைக்கலாமா என்று அண்ணன் கேட்டிருந்தீர்கள். என் கருத்து, இப்போது வேண்டாம். ஏப்ரலில் வந்தது போல ஒரு மருத்துவமனைச் செலவு மறுபடி வந்தால் இருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த இருப்பு இந்த மூன்று மாதத்தில் பதினோராயிரத்துக்கு மேல் குறைந்திருக்கிறது.

அண்ணா, அடுத்த முறை போகும்போது மூன்றாம், நான்காம் பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பினால் போதும். தாளை மேசையில் விரித்து, நான்கு ஓரமும் படத்துக்குள் வரும்படி, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முத்திரைக்கு அடியில் இருப்பது எப்படி எடுத்தாலும் தெரியாது. அக்காவின் பதிலும் உதவாவிட்டால், கிளையில் மே மாதத்துக்கு மட்டும் புதிதாக அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். குடும்பக் குழுவில் படங்களைப் போடும்போது கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். அந்தக் குழுவில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புதிய படங்கள் வந்ததும் இந்தத் தொகுப்பில் எந்த எண் மாறியது, ஏன் மாறியது என்று குறித்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி